தாது வருஷப் பஞ்சத்தில் தானியம் இருந்தும் ஜனங்கள் மாண்டது ஏன்?

1876-ம் வருஷம் தொடங்கி 1878 வரையில் தென்னிந்தியாவை வாட்டிய பெரும் பஞ்சத்திற்குத் தாது வருஷப் பஞ்சம் என்று பெயர். அதில் மாண்டவர்கள் பிரிட்டிஷ் ஆட்சிக்குட்பட்ட ஜில்லாக்களில் மட்டும் 50 லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள். மழை பொய்த்ததே இதற்குக் காரணம் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். மழை பொய்த்தால் விளைச்சல் குறையும் என்பது உண்மையே. ஆனால் விளைச்சல் குறைவு எவ்வாறு இத்தனை மரணமாக முடிந்தது என்பதற்கு மழை மட்டும் விடையாகாது. அந்நாளில் சென்னைக் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோலக் குவிந்திருந்தன. வட இந்தியாவிலிருந்து 1877-78-ல் மூன்று லக்ஷம் டன்னுக்கு மேற்பட்ட கோதுமை இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. தானியம் இருந்தும் அது பசித்தவன் வாய்க்கு எட்டாமற் போன விதத்தை இங்கே ஆராய்வோம்.

விலையும் கூலியும்

1876-ல் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்தே தவறின. பல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், வட ஆற்காடு, சேலம், கோயம்புத்தூர் ஆகிய ஜில்லாக்களில் புஞ்சைப் பயிர் தீய்ந்தது. சில வாரங்களுக்குள் தானிய விலை இரட்டித்து, பிறகு மும்மடங்காயிற்று.

விலையேற்றம் ஒரு கூலியாளை எவ்வாறு தாக்கும் என்பதை ஒரு கணக்கால் அறியலாம். சாதாரண காலத்தில் ரூபாய்க்குப் பதினாறு படி கேழ்வரகு என்றும், நாட்கூலி இரண்டணா என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நாட்கூலிக்கு இரண்டு படி கிடைக்கும்; குடும்பம் உண்ணப் போதும். விலை மும்மடங்கானால் அதே இரண்டணாவுக்கு முக்காற்படியும் வாராது. ஆனால் உண்மையில் நிகழ்ந்தது இதைவிடக் கொடியது. உழவும் களையெடுப்பும் அறுப்பும் இல்லாமையால் அந்த இரண்டணாக் கூலியே நின்றுபோயிற்று. நெசவாளிக்கும் தோல் வேலை செய்வோர்க்கும் சரக்கு விலைபோகவில்லை. சிறு குடியானவன் தீவனமின்மையால் மாட்டை விற்கப் போனால், எல்லோரும் அன்றே விற்க வந்தபடியால் மாட்டின் விலை படுவீழ்ச்சியடைந்தது. ஆகவே வாங்க வேண்டிய பொருளின் விலை ஏறவும், விற்கக்கூடிய உழைப்பு, மாடு, பாத்திரம், நகை ஆகியவற்றின் விலை இறங்கவும், ஏழை இருபுறமும் நசுக்குண்டான். 1880-ல் அறிக்கை சமர்ப்பித்த பஞ்சக் கமிஷனும், முதற் குறை உணவுப் பொருளில் அன்று, வேலையிலும் கூலியிலுமே என்று முடிவு செய்தது.

ரயில் செய்ததும் செய்யாததும்

பத்து வருஷங்களுக்கு முன், 1866-ல் ஒரிஸ்ஸாவில் பஞ்சம் வந்தபோது அங்கே ரயில் இல்லை. பருவக்காற்றுத் தொடங்கியதும் கப்பலும் கரையணுக முடியவில்லை. சுமார் 10 லக்ஷம் பேர் மாண்டனர். ஆகையால் ரயில் வந்துவிட்டால் பஞ்சத்தில் மரணம் இராது என்ற நம்பிக்கை அதிகாரிகளிடையே வேரூன்றியது. 1876-க்குள் சென்னையிலிருந்து சேலம், கோயம்புத்தூர் மார்க்கமாக மேல்கடற்கரைக்கும், கடப்பை, குத்தி மார்க்கமாக பம்பாய்க்கும் ரயில் ஓடியது. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசியை அந்த ரயில்களே உள்நாட்டிற்குக் கொண்டுசென்றன. இந்த உதவியை மறுக்க முடியாது.

ஆனால் ரயிலில் ஏறும் தானியம் பசி மிகுந்த இடத்தை நோக்கிச் செல்வதில்லை. பணம் மிகுந்த இடத்தை நோக்கியே செல்லும். வியாபாரி நல்ல விலை கிடைக்கும் ஊருக்கே சரக்கனுப்புவான். ஸ்டேஷனுக்கருகிலுள்ள கிராமங்களில் மிஞ்சியிருந்த தானியமும் பெரிய மண்டிகளுக்கு இழுக்கப்பட்டது. தந்தி வந்தபின், ஓரிடத்து விலையேற்றம் மற்ற இடங்களுக்கும் உடனே பரவியது. பல்லாரிப் பக்கத்தில் சோளத்தைப் பூமிக்குழியில் பல வருஷம் காத்துவைப்பது முன்னோர் வழக்கம். பருத்தி விலை ஏறி, தானியமும் எளிதில் விலைபோகத் தொடங்கியபின், அவ்வாறு சேமிப்பது குறைந்தது.

ஸ்டேஷனுக்கு அப்பாலுள்ள ஊர்களின் நிலை வேறு. அங்கே தானியம் வண்டியில்தான் போகவேண்டும். ஒரு ஜோடி மாடு ஆயிரம் ராத்தல் பாரத்தை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மைல் இழுக்கும் என்று கொள்வோம். அறுபது மைல் தூரத்து ஊருக்குப் போகவர பத்து நாள். வழியில் புல்லும் வைக்கோலும் இல்லையாதலால் நாளைக்கு நாற்பது ராத்தல் வீதம் நானூறு ராத்தல் வைக்கோலை வண்டியிலேயே ஏற்றியாக வேண்டும். மிஞ்சுவது அறுநூறு ராத்தல் தானியமே. பஞ்சத்தில் முதலில் சாவது மாடுகளாகையால் வண்டிகளும் அகப்படவில்லை.

துரைத்தனத்தாரின் கொள்கை

இந்நிலையில் செய்யத்தக்கது யாது? 1873-74-ல் பீஹாரில் பஞ்சம் தோன்றியபோது, அங்கே அதிகாரம் செலுத்திய ஸர் ரிச்சர்டு டெம்பிள், பர்மாவிலிருந்து சுமார் 4½ லக்ஷம் டன் அரிசியைச் சர்க்கார் செலவில் தருவித்தார். பட்டினியால் இறந்தவர் மிகச் சிலரே. ஆயினும் வீண்செலவு செய்தாரென்று அவரைக் கண்டித்தார்கள். 1876-ல் சென்னைத் துரைத்தனத்தார் முப்பதாயிரம் டன் தானியம் வாங்கியபோது, வியாபாரிகள் அஞ்சிப் பின்வாங்குவார்கள் என்று சொல்லி வைஸிராய் லிட்டன் பிரபுவின் சர்க்கார் அதை ஆட்சேபித்தது. வியாபாரத்தில் சர்க்கார் தலையிடலாகாது என்பது அவர்களது சித்தாந்தம். தானியம் வாங்கப் பணமில்லாதவனுக்கு வியாபாரி தானாக வந்து உதவமாட்டான் என்பதை அச்சித்தாந்தம் கணக்கிடவில்லை.

1877 ஜனவரியில் அதே டெம்பிள், செலவைக் குறைக்கும்படியான உத்தரவுடன் சென்னைக்கு அனுப்பப்பட்டார். நிவாரண வேலை செய்யும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒன்றரை ராத்தல் தானியத்துக்குரிய கூலி இருந்தது. அது ஒரு ராத்தலாகக் குறைக்கப்பட்டு, சில்லறையாகச் சிறிது காசு மட்டும் சேர்க்கப்பட்டது. மண்வெட்டிக் கூடை சுமப்பவனுக்கு இது போதாது என்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் வற்புறுத்தினார். அதன்பேரில் சில மாதங்களுக்குப் பின் அளவு ஓரளவு உயர்த்தப்பட்டது. அதற்குள் உடல் தளர்ந்தவர் அநேகர். வீட்டிலிருந்து பத்து மைலுக்கு அப்பாலே வேலை தரவேண்டும் என்ற விதியும் கிழவரையும் கைக்குழந்தைக்காரிகளையும் விலக்கிவிட்டது.

நிவாரண முகாம்களில் நெருங்கியிருந்தோரை வாந்திபேதியும் அம்மையும் கொன்றன. 1877 கடைசியில் நல்ல மழை பெய்தும் மரணம் குறையவில்லை. எலும்பும் தோலுமாயிருந்தவர்களை மழைக்குப்பின் வந்த முறைக்காய்ச்சல் எளிதில் வீழ்த்தியது. ஆகவே மழை வந்தவுடன் நிவாரணத்தை நிறுத்துவது பெருந்தவறு.

முன்னறிகுறிகள்

இவ்வனுபவத்திலிருந்து 1883-ல் பஞ்ச நிவாரண விதிகள் ஏற்பட்டன. பட்டினிச் சாவு நிகழ்ந்த பிறகு பஞ்சமென்று அறிவது பயனற்றது. அதற்குமுன் தோன்றும் குறிகளைக் கிராமத்திலேயே கண்டு மேலே தெரிவிக்கவேண்டும் என்பது அவற்றின் கருத்து. அந்தக் குறிகளாவன: அறுவடைக்காலத்தில் இறங்கவேண்டிய விலை ஏறுதல், சந்தையில் மாடும் பாத்திரமும் திரளாக விலைக்கு வருதல், கடன் கொடுப்பவர் கையை மூடுதல், குடும்பங்கள் வேலை தேடி ஊர்விட்டுப் போதல், சிறு தானியத் திருட்டுகள் பெருகுதல். இவற்றுள் களஞ்சியத்தின் அளவைக் காட்டுவது ஒன்றுகூட இல்லை. எல்லாம் ஏழையின் கையிலுள்ள வாங்கும் சக்தியையே காட்டுவன.

விதிகள் இருந்தாலும், காலத்தில் அமலுக்கு வந்தால்தான் உயிர் காக்கும். 1943-ல் வங்காளத்தில் இவ்விதிகளின்படி பஞ்சம் என்று விளம்பரம் செய்யப்படவேயில்லை. அங்கே மாண்டவர்களும் பல லக்ஷம். கணக்கப்பிள்ளையின் குறிப்பேட்டில் விளைச்சல் எத்தனை அணா என்ற பத்திக்குப் பக்கத்தில், ஊரில் கூலி எத்தனை, அதற்கு எத்தனை படி கிடைக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்குமானால், பஞ்சத்தின் வரவு இரண்டு மூன்று மாதம் முன்பே தெரிந்துவிடும்.