அடுத்த வீடியோவுக்கு அழைக்கும் வரி

யூடியூபில் ஒரு வீடியோவைப் பார்த்துக்கொண்டிருப்பவரை அதே சேனலின் இன்னொரு வீடியோவுக்கு அனுப்ப இரண்டு வசதிகள் உண்டு. ஒன்று கார்டு: வீடியோ ஓடும்போதே திரையின் மேல் ஓரத்தில் சில நொடிகள் எட்டிப் பார்க்கும் சிறு பட்டை. ஒரு வீடியோவில் ஐந்து கார்டுகள் வரை வைக்கலாம். மற்றொன்று என்ட் ஸ்க்ரீன்: கடைசி 5 முதல் 20 நொடிகளுக்குள் தோன்றும் படக் கட்டங்கள். இதற்கு வீடியோ 25 நொடிகளாவது ஓட வேண்டும். வழக்கமான அகலத் திரை வீடியோவில் நான்கு கட்டங்கள் வரை இடம்பெறும். குழந்தைகளுக்கானது என்று குறிக்கப்பட்ட வீடியோக்களில் இரண்டுமே கிடையாது.

எழுதுகிறவரின் பார்வையில் இவை இரண்டும் வெவ்வேறு வேலைகள். கார்டுக்கு எழுதும் பெட்டிகள் இருக்கின்றன. Teaser text என்ற பெட்டியில் எழுதுவது வீடியோவின் மேல் மின்னும் பட்டையில் வரும். Custom message என்பதில் எழுதுவது, பட்டையைத் தொட்ட பிறகு விரியும் இடத்தில் வரும். என்ட் ஸ்க்ரீனில் வீடியோக் கட்டத்துக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது. அங்கே அழைப்பு வாசகத்தைப் படப்பிடிப்பின்போதே வாயால் சொல்ல வேண்டும், அல்லது எடிட்டிங்கில் படத்தின் மேல் எழுத்தாகப் பதிக்க வேண்டும். பலர் வீடியோவை ஏற்றி முடித்த பிறகுதான் என்ட் ஸ்க்ரீனைப் பற்றி யோசிக்கிறார்கள். அதற்குள் வாசகம் எழுதும் வாய்ப்பு கைவிட்டுப் போயிருக்கும்.

தையல் கற்றுத்தரும் ஒரு சேனலை எடுத்துக்கொள்ளலாம். பன்னிரண்டரை நிமிட வீடியோ. பொருள், சாதா ப்ளவுஸ் கட்டிங். இதற்கு முன் பார்க்க வேண்டியது அளவு எடுக்கும் வீடியோ. பின் பார்க்க வேண்டியது டார்ட் பிடித்துத் தைக்கும் வீடியோ. முன்னதற்குக் கார்டும் பின்னதற்கு என்ட் ஸ்க்ரீனும் பொருந்தும். கார்டைத் தொட்டவர் பாதியிலேயே வெளியேறிவிடுவார் என்பதால், இங்கேயே தடுமாறி நிற்கிறவருக்கு மட்டும் அது பயன்பட வேண்டும். துணியில் மார்புச் சுற்றைக் குறிக்கும் இடத்தில், அளவு கையில் இல்லாதவர் நிற்பார். அந்த நொடியில் “அளவு எடுக்கத் தெரியலையா?” என்ற பட்டை வந்தால் அது உதவி. தெரிந்தவர் கண்டுகொள்ளாமல் தொடர்வார். அதே பட்டை வீடியோ தொடங்கிய பத்தாம் நொடியில் வந்தால், கட்டிங் பார்க்க வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பியதாகும்.

Teaser text பெட்டிக்கு 30 எழுத்துதான் எல்லை. தமிழில் எழுதுகிறவருக்கு இது காகிதத்தில் தெரிவதைவிடக் குறுகியது. கணினியில் புள்ளி, கொம்பு, கால், சுழி ஒவ்வொன்றும் தனிக் குறியாகச் சேமிக்கப்படுகிறது. “ஆர்ம்ஹோல் சரியாக வெட்டுவது எப்படி?” என்ற வரியை இடைவெளியும் கேள்விக்குறியும் சேர்த்துக் கையால் எண்ணினால் 22 வரும், கணினிக் குறிகளாக எண்ணினால் 34. ஆகவே பெட்டியின் ஓரத்தில் ஓடும் எண்ணைத்தான் நம்ப வேண்டும். சுருக்கும்போது எதை விடுவது என்பதில்தான் திறமை இருக்கிறது. “எப்படி”, “சரியாக”, “முழு விளக்கம்” போன்றவை எந்த வீடியோவுக்கும் ஒட்டும் சொற்கள். அவற்றைத்தான் விட வேண்டும். “ஆர்ம்ஹோல் இறுக்குதா?” என்பது 20 குறிகளில் முடிந்துவிடுகிறது, போட்டுப் பார்த்தவரின் தொல்லையையும் பெயர் சொல்லிக் காட்டுகிறது. பேச்சுநடை இங்கே இடத்தை மிச்சப்படுத்தும். அதைக் கொச்சை என்று ஒதுக்குகிற சேனல்கள் ஆறேழு குறிகளை வீணாக இழக்கின்றன.

இனி வீடியோவின் முடிவு. தமிழ் வீடியோக்களில் ஊறிப்போன பழக்கம், “நன்றி, மீண்டும் அடுத்த வீடியோவில் சந்திப்போம், வணக்கம்” என்பது. மரியாதையான வார்த்தைகள்தான், ஆனால் கேட்கிறவருக்கு அது எழுந்து போகலாம் என்ற அறிவிப்பு. கட்டங்கள் திரையில் வரும் முன்பே விரல் வேறெங்கோ போயிருக்கும். விடைபெறும் வாசகத்தை முதலிலேயே முடித்துவிடலாம், அல்லது விட்டே விடலாம். கடைசியில் நிற்க வேண்டியது அடுத்த வேலை.

நம் ப்ளவுஸ் வீடியோவில் 12 நிமிடம் 12ஆம் நொடியில் என்ட் ஸ்க்ரீன் தொடங்குகிறது. 18 நொடி இருக்கிறது. வெட்டிய துண்டுகள் மேசையின் இடப்பக்கம் இருக்க, வலப்பக்கம் கட்டத்துக்காகக் காலியாக விடப்பட்டிருக்கிறது. குரல் இப்படிப் போகலாம்: “முன் பாகம், பின் பாகம், கை, பட்டி எல்லாம் வெட்டியாச்சு. தைக்க உட்கார்ந்தா முதல்ல தப்பு வர்றது டார்ட்லதான். ஒண்ணு நீளமா, ஒண்ணு குட்டையா நிக்கும். ரெண்டும் ஒரே அளவா வர எங்கே பின் குத்தணும்னு இந்த வீடியோல காட்டியிருக்கேன்.” கட்டத்தின் மேல் பதிக்கும் எழுத்து “டார்ட் ரெண்டும் ஒரே அளவில்” என்று இருந்தால் போதும். “அடுத்த வீடியோ” என்றோ “இதையும் பாருங்க” என்றோ எழுதினால், கட்டத்தைப் பார்த்தாலே தெரிவதைத் திரும்பச் சொன்னதாகும். பதித்த எழுத்து கைபேசியிலும் படிக்கும் பருமனில் இருக்க வேண்டும். வீடியோ ஓடும் கோடு வரும் அடிப்பகுதியில் எதையும் எழுதக் கூடாது.

இந்த வாசகம் ஒரு குறிப்பிட்ட வீடியோவுக்கானது. என்ட் ஸ்க்ரீன் அமைப்பில் Most recent upload, Best for viewer என்ற தேர்வுகளும் உள்ளன. முதலாவது சேனலின் புதிய வீடியோவைத் தானாகக் காட்டும். இரண்டாவது பார்ப்பவருக்கு ஏற்றது என்று யூடியூப் கருதுவதைக் காட்டும். குரல் டார்ட்டைப் பற்றிப் பேச, கட்டத்தில் தீபாவளிச் சேலைக் கண்காட்சி வந்து நிற்பது இதனால்தான். பொருளைப் பெயர் சொல்லி அழைத்தால் அந்த வீடியோவையே தேர்ந்தெடுத்துப் பொருத்த வேண்டும். தானியங்கித் தேர்வை வைத்துக்கொள்ள விரும்புகிறவர், குறிப்பிட்ட வீடியோவை அதன் அருகில் இன்னொரு கட்டமாக வைக்கலாம். குரல் அதை மட்டும் சுட்டட்டும்.

வாசகம் எங்கே பழுதாகிறது என்பதை யூடியூப் ஸ்டூடியோவின் புள்ளிவிவரங்களில் கண்டுபிடிக்கலாம். பார்வையாளர் நீடிப்பைக் காட்டும் கோடு, கட்டம் வருவதற்கு முன்பே செங்குத்தாக விழுந்தால், குறை முடிவுரையில். யாரோ முன்கூட்டியே விடைகொடுத்துவிட்டார். ஆட்கள் இருந்தும் கட்டத்தைத் தொடவில்லை என்றால், சொன்ன காரணம் அவர்களுக்கு வேண்டியதாக இல்லை, அல்லது வாசகமும் கட்டமும் பொருந்தவில்லை. மூன்றாவது வகையைப் பலர் பார்ப்பதே இல்லை. டார்ட் வீடியோவின் கணக்கில், பார்வைகள் எங்கிருந்து வந்தன என்ற பகுதியில் End screens என்ற வரி இருக்கும். அப்படி வந்தவர்களின் சராசரிப் பார்வை நேரம் மற்றவர்களுடையதைவிட மிகக் குறைவாக இருந்தால், அழைப்பு சொன்னது ஒன்று, அங்கே கிடைத்தது வேறு. பின் குத்தும் இடத்தைக் காண வந்தவர் முதல் மூன்று நிமிடம் துணி வாங்கிய கதையைக் கேட்டிருப்பார். அப்போது திருத்த வேண்டியது வாசகத்தை அல்ல, டார்ட் வீடியோவின் தொடக்கத்தை.

கார்டையும் கட்டத்தையும் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். வீடியோவைத் திரும்ப ஏற்ற வேண்டியதில்லை. குரலையும் பதித்த எழுத்தையும் அப்படி மாற்ற முடியாது. எனவே “பகுதி 3 பாருங்கள்”, “நாளைக்கு வரும் வீடியோ” போன்ற சொற்களைக் குரலில் தவிர்ப்பது நல்லது. வரிசை எண் மாறும், நாள் கடந்துபோகும். டார்ட் பிடிக்கும் சிக்கலைச் சொல்லி அழைத்திருந்தால், இரண்டு ஆண்டு கழித்து அதையே இன்னும் தெளிவாக எடுக்கும்போது கட்டத்தில் வீடியோவை மட்டும் மாற்றிவிடலாம். பழைய குரல் புதிய வீடியோவுக்கும் பொருந்தும்.