ஒரு பனியனுக்கு எவ்வளவு துணி, எவ்வளவு நேரம்?

திருப்பூரில் பத்தாயிரம் டி-சர்ட்டுக்கு ஆர்டர் எடுக்கும் பனியன் கம்பெனி, நூல் வாங்கும் முன்பே இரண்டு கணக்குகளைப் போட்டாக வேண்டும். ஒரு பீஸுக்கு எத்தனை கிராம் துணி? எத்தனை நிமிட வேலை? விலை, கூலி, டெலிவரி தேதி எல்லாம் இந்த இரண்டையும் நம்பித்தான் சொல்லப்படுகின்றன.

முதலில் துணி. உடல் நீளம், கை நீளம், மடிப்புக்கும் தையலுக்கும் விடுவது எல்லாம் சேர்த்து 100 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். மார்பின் அகலம் தையலோடு 55 செ.மீ. முன்னும் பின்னும் இரண்டு அடுக்கு என்பதால் பரப்பு 1.1 சதுர மீட்டர். துணியின் ஜி.எஸ்.எம்., அதாவது ஒரு சதுர மீட்டரின் எடை, 180 கிராம் என்றால் ஒரு டி-சர்ட்டுக்கு 198 கிராம் துணி வேண்டும். கழுத்து ரிப் தனிக்கணக்கு. கழுத்து வளைவிலும் கைக்குழியிலும் வெட்டி விழும் துண்டுகள் இந்தப் பரப்புக்குள்ளேயே இருக்கின்றன. அவற்றைச் சேதாரம் என்று மறுபடி சேர்த்தால் ஒரே இழப்பை இரண்டு முறை எண்ணியதாகிவிடும்.

இதற்கு வெளியே நடக்கும் இழப்புதான் உண்மையான சேதாரம். சாயப்பட்டறைக்குப் போய்வரும் துணி எடை குறைந்து வரும். ரோல் முடிவில் பிட் மிஞ்சும். ஓட்டையோ ஊசிக்கோடோ விழுந்த இடத்தை ஒதுக்க வேண்டியிருக்கும். எவ்வளவு கவனமாக வேலை செய்தாலும் இவை இருக்கவே செய்யும். பழைய ஆர்டர்களின் எடைக்கணக்கைப் பார்த்து, பின்னிய துணியில் நூற்றுக்குப் பத்து போகும் என்று ஒரு கம்பெனி கண்டிருப்பதாகக் கொள்வோம்.

பலரும் தவறுவது இங்கேதான். 198 கிராமுடன் பத்து சதவீதத்தைக் கூட்டி 217.8 என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சேதாரம் உள்ளே போகும் துணியில் பத்து சதவீதம். போட்டதில் 90 பங்குதான் தேறுகிறது. ஆகவே 198-ஐ 0.9-ஆல் வகுக்க வேண்டும். விடை 220 கிராம். இரண்டு கிராம்தானே என்று விட்டால் பத்தாயிரம் பீஸில் 22 கிலோ குறையும். கடைசி நூறு சட்டைக்குத் துணி இருக்காது.

அடுத்தது நேரம். கை இணைக்கும் ஓவர்லாக் டெய்லரின் அருகில் நின்று, ஸ்டாப்வாட்சில் பல பீஸ்களை அளந்ததில் சராசரி 40 விநாடி வருகிறது. அவருடைய வேகம் இயல்பான வேகத்தில் 90 சதவீதம் என்று அளப்பவர் மதிப்பிட்டால், அடிப்படை நேரம் 36 விநாடி. இதை அப்படியே வைத்தால் மணிக்கு நூறு பீஸ் இலக்காகும். ஆனால் எந்த மனிதராலும் நாள் முழுக்க அப்படித் தைக்க முடியாது.

தண்ணீர் குடிக்கவும் கழிப்பறைக்குப் போகவும் நேரம் வேண்டும். இதற்குப் பெண்களுக்கு 7 சதவீதம், ஆண்களுக்கு 5 என்று பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் வேலை ஆய்வு நூல் காட்டுகிறது. உடல் அயர்ச்சிக்கு அடிப்படையாக 4 சதவீதம். நூல் அறுவது, ஊசி மாற்றுவது, அடுத்த பண்டலை எடுத்துப் பிரிப்பது ஆகியவற்றுக்கு அந்த யூனிட்டில் கவனித்தபடி 9 சதவீதம் என்போம். பெண் டெய்லருக்கு மொத்தம் 20. அப்போது தர நேரம் 43.2 விநாடி, மணிக்கு 83 பீஸ்.

டீ இடைவேளையை எதில் சேர்ப்பது என்பதையும் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டும். ஷிப்ட் நேரத்திலிருந்து அதைக் கழித்தாகிவிட்டால் ஓய்வு சதவீதத்துக்குள் மறுபடி வைக்கக் கூடாது. இரண்டிலும் விட்டுவிட்டால் டெய்லர் தன் ஓய்வையே இலக்குக்குக் கொடுத்தவராகிறார். அந்த நெருக்கடி கையில் சுருக்கமாகவும், மாலையில் பிரித்துத் தைக்க வேண்டிய ஆல்டர் பீஸ்களாகவும் வெளிப்படும்.

ஆர்டர் முடிந்ததும் இந்த அளவுகளின் பயன் தெரியும். 2,200 கிலோ போதும் என்ற இடத்தில் 2,310 கிலோ செலவாகியிருக்கிறது என்று வையுங்கள். முதல் சந்தேகம் கட்டிங் மாஸ்டர் மேல் விழும். ஆனால் பிட்டுகளையும் ஒதுக்கிய துணியையும் எடை போட்டால் வழக்கமான விகிதமே வருகிறது. பிறகு வட்டக் கட்டரால் 100 சதுர செ.மீ. துணியை வெட்டி நிறுத்தால் 1.8 கிராமுக்குப் பதில் 1.89 காட்டுகிறது. துணியின் ஜி.எஸ்.எம். 189, ஐந்து சதவீதக் கனம் கூடிவிட்டது. 110 கிலோவில் பெரும்பகுதி வீணாகவில்லை, சட்டைகளுக்குள்ளேயே போயிருக்கிறது. கேள்வி போக வேண்டியது நிட்டிங்குக்கும் சாயப்பட்டறைக்கும்.

இந்தக் கூடுதலை அடுத்த ஆர்டரில் ‘சேதாரம் பதினைந்து’ என்று சேர்த்துவிடக் கூடாது. வழக்கமான சேதாரம் பீஸின் அடக்கவிலையில் சேரும். கழிவுத்துணி விற்ற காசு அதிலிருந்து கழியும். வழக்கத்தை மீறியது நஷ்டக் கணக்கில் தனியாக நிற்க வேண்டும். விலைக்குள் அதைக் கரைத்துவிட்டால், அடுத்த முறை கனத்த துணி வந்தாலும் கணக்கு சரியாக இருப்பதாகவே தோன்றும். தவறு எங்கே என்று யாரும் தேட மாட்டார்கள்.