ஃபிரெஷ், டிரை, இன்ஸ்டன்ட்: ஒரு ஈஸ்ட்டுக்குப் பதில் இன்னொன்று போடலாமா? அளவு எவ்வளவு?

யூடியூப்பில் ஒரு ஜெர்மன் பன் ரெசிபி. அரை கிலோ மாவுக்கு 'அரை க்யூப் ஃபிரெஷ் ஈஸ்ட்' என்கிறார்கள். ஜெர்மனியில் சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும் ஒரு க்யூப்பின் எடை 42 கிராம். அப்படியென்றால் பாதி 21 கிராம். நம் ஊர் மளிகைக் கடையில் கிடைப்பதோ சின்ன டப்பாவிலோ பாக்கெட்டிலோ இருக்கும் உலர்ந்த ஈஸ்ட். சரி, அதிலேயே 21 கிராம் எடைபோட்டு மாவில் கொட்டினால் என்ன ஆகும்?

கால் மணி நேரத்திலேயே மாவு பாத்திரத்தை விட்டு வெளியே எட்டிப் பார்க்கும். ஓவனில் வைத்ததும் கொஞ்ச நேரம் உப்பி, அப்புறம் நடுவில் அமுங்கிவிடும். வெட்டிப் பார்த்தால் பெரிய பெரிய ஓட்டைகள், வாயில் வைத்தால் பீர் வாடை. 'மைதா சரியில்லை', 'ஓவன் சரியில்லை' என்று பழி வேறெங்கோ போகும். உண்மையில் அங்கே போடப்பட்டது மூன்று மடங்கு ஈஸ்ட்.

மூன்றும் ஒரே ஈஸ்ட்தானா?

ஆம். மூன்றுமே ஒரே இனத்தைச் சேர்ந்த நுண்ணுயிரிதான். மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை விடும். அந்த வாயுதான் மாவை உப்ப வைக்கிறது. வித்தியாசம் எங்கே என்றால், அதை எவ்வளவு உலர்த்தியிருக்கிறார்கள், எப்படி உலர்த்தியிருக்கிறார்கள் என்பதில்.

ஃபிரெஷ் ஈஸ்ட் வெண்ணெய்க் கட்டி மாதிரி, வெளிர் பழுப்பு நிறத்தில் இருக்கும். கையால் அழுத்தினால் உதிரும். பேக்கரிக்காரர்கள் அரை கிலோ கட்டியாக வாங்குவது இதைத்தான். இதன் எடையில் சுமார் 70 சதவீதம் வெறும் தண்ணீர். நூறு கிராம் கட்டி வாங்கினால் உண்மையான ஈஸ்ட் சரக்கு 30 கிராம்தான்.

ஆக்டிவ் டிரை ஈஸ்ட் கசகசா மாதிரி குட்டி உருண்டைகளாக இருக்கும். இதில் தண்ணீர் மிகக் குறைவு. ஆனால் உலர்த்தும்போது படும் சூட்டில் உருண்டையின் வெளிப்பக்கத்து செல்கள் பல செத்துவிடுகின்றன. அந்தச் செத்த தோல் உள்ளே இருக்கும் உயிருள்ள செல்களை மூடிக்கொண்டிருக்கும். அதனால்தான் இதை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கச் சொல்கிறார்கள்.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1970களில் சந்தைக்கு வந்தது. சேமியாவைப் பொடியாக உடைத்த மாதிரி மெல்லிய துகள்கள். மென்மையாக, வேகமாக உலர்த்துவதால் செத்த செல்கள் குறைவு. துகள் நுண்ணியது என்பதால் மாவின் ஈரத்தையே சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும். நேரடியாக மாவில் கலக்கலாம்.

அப்போ கணக்கு எப்படி?

மனப்பாடம் செய்யத் தேவையில்லை. தண்ணீரைக் கழித்துப் பார்த்தாலே கணக்கு வந்துவிடும். ஜெர்மன் ரெசிபியின் 21 கிராம் ஃபிரெஷ் ஈஸ்ட்டில் சுமார் 15 கிராம் தண்ணீர். மீதி 6 கிராம் சொச்சம்தான் ஈஸ்ட். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டில் கிட்டத்தட்ட 95 சதவீதம் ஈஸ்ட் என்பதால் 7 கிராம் போட்டால் அதே 6 கிராம் சொச்சம் கிடைத்துவிடுகிறது. ஆகவே ஃபிரெஷ் ஈஸ்ட்டில் மூன்றில் ஒரு பங்கு இன்ஸ்டன்ட். ஐரோப்பிய, அமெரிக்க பாக்கெட்டுகள் 7 கிராம் அளவில் வருவதும், ஜெர்மனியில் அரை கிலோ மாவுக்கு அரை க்யூப் அல்லது ஒரு பாக்கெட் என்று சொல்வதும் இந்தக் கணக்கோடு அப்படியே ஒத்துப்போகிறது.

ஆக்டிவ் டிரையில் செத்த செல்கள் இருப்பதால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். இன்ஸ்டன்ட் போல ஒன்றேகால் மடங்கு வைத்துக்கொள்ளலாம். 7 கிராமுக்குப் பதில் கிட்டத்தட்ட 9 கிராம். ஃபிரெஷ்ஷோடு ஒப்பிட்டால், ஐந்தில் இரண்டு பங்கு. சில புத்தகங்களில் பாதி என்று போட்டிருப்பார்கள். அதிலும் பெரிய தவறில்லை, மாவு கொஞ்சம் முந்தி உப்பும், அவ்வளவுதான்.

சுருக்கமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: ஃபிரெஷ் 21 கிராம், ஆக்டிவ் டிரை 9 கிராம், இன்ஸ்டன்ட் 7 கிராம். மூன்றும் அரை கிலோ மாவைச் சமமாகத் தூக்கும்.

வீட்டில் இருக்கும் எடை மெஷின் ஒரு கிராமுக்குக் கீழே காட்டாது. சின்ன அளவுகளில் அது சொல்வதை அப்படியே நம்பவும் முடியாது. அளவு ஸ்பூன் இருந்தால், தலைதட்டிய ஒரு டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் ஏறக்குறைய 3 கிராம். 7 கிராமுக்கு இரண்டேகால் டீஸ்பூன். காபி கலக்கும் ஸ்பூனை இதற்குப் பயன்படுத்த வேண்டாம், அது வீட்டுக்கு வீடு ஒரு அளவு.

தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை

ஈஸ்ட் அளவை மட்டும் மாற்றிவிட்டு நிறுத்திவிடுவதுதான் பலரும் செய்வது. கட்டியோடு வந்த அந்த 15 கிராம் தண்ணீர் இப்போது மாவில் இல்லை. ரெசிபியில் 290 மில்லி தண்ணீர் என்று இருந்தால், இன்ஸ்டன்ட்டுக்கு மாறும்போது ஒரு டேபிள்ஸ்பூன், அதாவது 15 மில்லி கூட்டி 305 மில்லியாக்க வேண்டும். கூட்டாவிட்டால் பன் கெட்டுப்போகாது, ஆனால் மாவு இறுக்கமாகப் பிசைபடும், பன் கொஞ்சம் வறட்டியாக வரும்.

ஆக்டிவ் டிரை என்றால் இதே 305 மில்லியிலிருந்து ஒரு கால் டம்ளர் எடுத்து, அதில் ஈஸ்ட்டைக் கரைக்க வேண்டும். கரைக்கிற தண்ணீரைத் தனியாகச் சேர்த்தால் மாவு கையில் ஒட்டிக்கொண்டு படுத்தும்.

தண்ணீர் எவ்வளவு சூடு?

ஆக்டிவ் டிரைக்கு 40 டிகிரி செல்சியஸ் சுற்றுவட்டாரம். குழந்தையைக் குளிப்பாட்ட வைக்கும் தண்ணீரை விட ஒரு பொட்டு அதிகச் சூடு. விரலை விட்டால் இதமாக இருக்க வேண்டும், சுள்ளென்று சுடக்கூடாது. 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும். அடுப்பில் கொதித்த தண்ணீரில் பச்சைத் தண்ணீரைக் கண்ணளவில் கலந்து ஊற்றுகிறவர்களுக்கு மாவு உப்பாமல் போவதற்கு பெரும்பாலும் இதுதான் காரணம்.

சூடு அதிகமானால் ஆபத்து என்பது பலருக்கும் தெரியும். குளிர்ந்த தண்ணீரும் சிக்கல் என்பது தெரியாது. உலர்ந்த செல்லின் சவ்வு ஈரம் படும்போது மெதுவாகத்தான் பழைய நிலைக்குத் திரும்பும். அந்த நேரத்தில் ஃபிரிட்ஜ் தண்ணீர் பட்டால் சவ்வு சரியாக மூடாமல் உள்ளே இருக்கும் குளூட்டாதயோன் என்ற பொருள் வெளியே கசிந்துவிடும். மைதாவுக்கு இழுவை கொடுக்கும் குளூட்டனை அது தளர்த்திவிடும். பிசையப் பிசைய மாவு இறுகாமல் கொழகொழவென்று ஆவது அதனால்தான். இன்ஸ்டன்ட்டுக்கும் இது பொருந்தும். மாவில் கலந்த பிறகு சாதாரண தண்ணீர் ஊற்றினால் பிரச்சினை இல்லை. ஐஸ் தண்ணீரை நேராக ஈஸ்ட் மேல் ஊற்றக்கூடாது.

ஃபிரெஷ் ஈஸ்ட்டுக்கு இந்தத் தொல்லை கிடையாது. அது ஏற்கெனவே ஈரமாக, விழித்துக்கொண்டேதான் இருக்கிறது. கொஞ்சம் தண்ணீரில் கரைத்தும் சேர்க்கலாம், உதிர்த்து மாவில் தூவியும் பிசையலாம். உப்பை மட்டும் அதன் மேல் நேரடியாகக் கொட்டி வைக்காதீர்கள். உப்பு செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உறிஞ்சிவிடும்.

டப்பாவில் வெறும் 'டிரை ஈஸ்ட்' என்றுதான் இருக்கிறதே?

இது அடிக்கடி வரும் குழப்பம். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். 'வெதுவெதுப்பான தண்ணீரில் கரைக்கவும்' என்று இருந்தால் ஆக்டிவ் டிரை. 'மாவுடன் நேரடியாகக் கலக்கவும்' என்று இருந்தால் இன்ஸ்டன்ட். இரண்டும் இல்லையென்றால் கையில் கொட்டிப் பாருங்கள்: உருண்டையா, பொடித்த சேமியாவா? அதுவும் புரியவில்லை என்றால் தண்ணீரில் கரைத்தே பயன்படுத்துங்கள். இன்ஸ்டன்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆக்டிவ் டிரையைக் கரைக்காமல் போட்டால் மாவில் ஆங்காங்கே கரையாத மணிகள் தங்கிவிடலாம், உப்பவும் தாமதமாகும்.

அளவு சரி, ஆனாலும் உப்பவில்லையே?

மேலே சொன்ன கணக்கெல்லாம் உயிருள்ள ஈஸ்ட்டுக்குத்தான். திறந்து, ரப்பர் பேண்ட் போட்டு, சமையலறை அலமாரியில் ஆறு மாதம் கிடந்த பாக்கெட்டுக்கு எந்த விகிதமும் உதவாது. சந்தேகம் இருந்தால் சோதித்துவிடலாம். அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு டீஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட். பத்து நிமிடத்தில் மேலே கெட்டியாக நுரை கட்டினால் நல்ல ஈஸ்ட். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குமிழி வந்தால் பாதி செத்தது. அதை இரண்டு மடங்கு போட்டுச் சரிக்கட்டலாம் என்று நினைக்க வேண்டாம். செத்த செல்களும் மாவைத் தளர்த்தும். குப்பையில் போடுவதே லாபம்.

திறந்த டிரை ஈஸ்ட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வைத்தால் பல மாதங்கள் தாங்கும். ஃபிரெஷ் ஈஸ்ட்டின் ஆயுள் ஃபிரிட்ஜில் சில வாரங்கள்தான். ஓரம் கருத்து, பிசுபிசுத்து, நாற்றம் அடித்தால் முடிந்தது கதை. தெரிந்த பேக்கரியில் கேட்டு நூறு கிராம் வாங்கி வருகிறவர்கள் என்றைக்கு வெட்டிய கட்டி என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சென்னை வெயிலுக்கு அதே அளவா?

இங்கேதான் ஐரோப்பிய ரெசிபி நம்மைக் கவிழ்க்கிறது. அவர்கள் வீட்டுச் சமையலறையில் 20, 22 டிகிரி இருக்கும். மே மாதம் சென்னையில் விசிறி போட்டாலும் 34 டிகிரி. சூடு கூடக்கூட ஈஸ்ட்டின் வேகமும் கூடும். ரெசிபி 'ஒன்றரை மணி நேரம் வைக்கவும்' என்று சொன்னால் இங்கே அதில் பாதி நேரத்திலேயே மாவு இரண்டு மடங்காகியிருக்கும். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருந்தால் புளித்துவிடும்.

அதனால் கோடையில் 7 கிராம் இன்ஸ்டன்ட்டை 5 கிராமாகக் குறைக்கலாம். மாடித் தொட்டியிலிருந்து வரும் மதியத் தண்ணீர் கொதிக்கும் என்பதால் பானைத் தண்ணீர் எடுக்கலாம். பிசைந்த மாவு தொட்டால் கொஞ்சம் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். 26 டிகிரிக்குள் இருந்தால் நல்லது. நேரத்தைப் பார்க்காமல் மாவைப் பாருங்கள்: மாவு தோய்த்த விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி மூட வேண்டும். உடனே மூடிக்கொண்டால் இன்னும் நேரம் இருக்கிறது. குழி அப்படியே நின்று, சுற்றிலும் மாவு அமுங்கினால் தாமதமாகிவிட்டது. அந்த மாவைத் தட்டி, மறுபடி உருட்டி, இரண்டாவது முறை சீக்கிரமே ஓவனில் வைத்துவிடலாம்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் இந்த விகிதங்கள் பொய்க்கும். கிறிஸ்துமஸ் பிரெட், ஸ்வீட் பன் மாதிரி சர்க்கரை அதிகம் சேரும் மாவு. அரை கிலோ மைதாவுக்கு 50 கிராமுக்கு மேல் சர்க்கரை போனால் உப்பு செய்யும் அதே வேலையைச் சர்க்கரையும் செய்யும், செல்லின் தண்ணீரை இழுத்துவிடும். சாதாரண இன்ஸ்டன்ட் ஈஸ்ட் அங்கே தள்ளாடும். இனிப்பு மாவுக்கென்றே தனி வகை இன்ஸ்டன்ட் ஈஸ்ட் பேக்கரி பொருள் கடைகளில் கிடைக்கிறது. கிடைக்கவில்லையென்றால் ஈஸ்ட்டைக் கொஞ்சம் கூட்டி, மாவுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுக்க வேண்டியிருக்கும்.