எச்.டி.ஆர். போட்டதும் ஜன்னல்கள் ஏன் மங்குகின்றன?

எச்.டி.ஆர். வசதியுள்ள மானிட்டரை வாங்கி, விண்டோஸில் அதை இயக்கியவுடன் பலரும் முதலில் காண்பது மங்கல்தான். படமும் விளையாட்டும் பளிச்சென்று ஓடுகின்றன. ஆனால் பிரவுசர், வேர்டு, நோட்பேட் எல்லாம் வெளிறிக் கிடக்கின்றன. மானிட்டரில் கோளாறு என்று எண்ணி, எச்.டி.ஆரையே அணைத்துவிட்டு, காசு கொடுத்து வாங்கிய வசதியைத் தொடாமலே இருந்துவிடுபவர்கள் உண்டு. அது வேண்டாம். பெரும்பாலும் ஒரே ஒரு ஸ்லைடரை நகர்த்தினால் சரியாகிவிடும்.

சாதாரண நிலையில் கணினி மானிட்டருக்குச் சொல்வது "இங்கே முழு வெள்ளை" என்பது மட்டுமே. அந்த வெள்ளை எவ்வளவு ஒளிர வேண்டும் என்பதை மானிட்டரின் பிரைட்னஸ் பட்டன்தான் தீர்மானிக்கிறது. எச்.டி.ஆரில் கதை மாறுகிறது. ஒவ்வொரு புள்ளியும் இத்தனை நிட்ஸ் ஒளிர வேண்டும் என்று அளவாகவே சிக்னலில் போகிறது. நிட்ஸ் என்பது திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு. எச்.டி.ஆர். படத்தில் அந்த அளவுகளைப் படத்தை உருவாக்கியவர்களே குறித்துவைத்திருப்பார்கள். நோட்பேடின் வெள்ளைக்கு அப்படி யாரும் குறிக்கவில்லை. எனவே விண்டோஸ்தான் ஓர் அளவை வைத்தாக வேண்டும். அந்த அளவு நம் கண்ணுக்குப் பழகியதைவிடக் குறைவாக இருந்தால் எல்லா ஜன்னல்களும் மங்குகின்றன. எச்.டி.ஆர். நிலையில் பல மானிட்டர்கள் தங்கள் பிரைட்னஸ் பட்டனைப் பூட்டிவிடுவதால், அதை அழுத்தியும் பயன் இருக்காது.

விண்டோஸ் 11-இல் Settings > System > Display > HDR என்று போனால் SDR content brightness என்ற ஸ்லைடர் இருக்கும். விண்டோஸ் 10-இல் Display பக்கத்திலுள்ள Windows HD Color settings-க்குள் HDR/SDR brightness balance என்ற பெயரில் இருப்பதும் இதுவே. ஒன்றுக்கு மேற்பட்ட திரைகள் இருந்தால், எந்தத் திரைக்கு மாற்றுகிறோம் என்பதை முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும்.

தனி மானிட்டர்களில் இந்த ஸ்லைடரின் கணக்கு எளிது. 0-இல் வெள்ளை 80 நிட்ஸ், 100-இல் 480 நிட்ஸ். இடையில் ஒவ்வொரு படிக்கும் 4 நிட்ஸ் கூடும்.

டிஸ்ப்ளே எச்.டி.ஆர். 400 முத்திரை பெற்ற மானிட்டர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். சாதாரண நிலையில் அதன் வெள்ளையை 200 நிட்ஸ் அளவில் வைத்துப் பழகியவர் எச்.டி.ஆரைப் போடுகிறார். ஸ்லைடர் 5-இல் நிற்கிறது. அப்படியானால் வெள்ளை 100 நிட்ஸ்தான், பழகியதில் சரிபாதி. 30-க்கு நகர்த்தினால் 200 நிட்ஸ் திரும்பக் கிடைக்கும். கையில் அளவுக் கருவி வேண்டியதில்லை. வெள்ளைப் பின்னணியில் நோட்பேடைத் திறந்து வைத்து, Win + Alt + B அழுத்தினால் எச்.டி.ஆர். மாறி மாறி அணைந்து எரியும். இரு நிலையிலும் வெள்ளை ஒன்றுபோலத் தெரியும்வரை ஸ்லைடரைச் சரிசெய்தால் போதும். எச்.டி.ஆர். ஒளிபரப்புக்கான சர்வதேசப் பரிந்துரையும் சாதாரண வெள்ளைக்கு 203 நிட்ஸையே சொல்கிறது. ஆகவே 30-ஐ ஒட்டிய இடம் தொடங்குவதற்கு நல்ல இடம்.

மங்கலாக இருக்கிறதே என்று ஒரேயடியாக 100-க்குத் தள்ளுவது தவறு. 400 நிட்ஸே உச்சமான மானிட்டரிடம் 480 கேட்டால், அது கொடுக்க முடியாத மேல்பகுதி முழுவதும் ஒரே வெள்ளையாக உறைந்துவிடும். இதைக் கண்டுபிடிக்க Settings பக்கமே போதும்: அதன் வெளிர் சாம்பல் பின்னணியும், மேலே உள்ள வெண்ணிறப் பட்டைகளும் வேறுபாடு தெரியாமல் கலந்திருந்தால் ஸ்லைடர் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். ஓலெட் மானிட்டர்களில் அடையாளம் வேறு. அவற்றில் பல, திரை முழுக்க வெள்ளை நிறைந்தால் சுமார் 250 நிட்ஸுக்கு மேல் தாங்குவதில்லை. சிறிய ஜன்னல் பளிச்சென்று இருந்து, அதையே முழுத் திரைக்கு விரித்ததும் வெளிச்சம் இறங்கினால், ஸ்லைடரைக் குறைக்க வேண்டும். இன்னொரு இழப்பும் உண்டு. ஜன்னல்களின் வெள்ளை ஏற ஏற, அதன் பக்கத்தில் ஓடும் எச்.டி.ஆர். படத்தின் சூரியனும் தீச்சுடரும் சாதாரணமாகத் தெரியத் தொடங்கும். இந்த ஸ்லைடர் படத்தின் அளவுகளைத் தொடுவதே இல்லை.

லேப்டாப்பின் சொந்தத் திரையில் இதே ஸ்லைடரைத் தேட வேண்டாம். அங்கே ஜன்னல்களின் வெளிச்சத்தை வழக்கமான பிரைட்னஸ் விசைகளே கட்டுப்படுத்துகின்றன. HDR பக்கத்தில் இருப்பது HDR content brightness. அது எச்.டி.ஆர். படங்களுக்கானது.

வெள்ளை சரியான பிறகும் கறுப்புப் பகுதிகள் சாம்பல் பூத்தாற்போலத் தெரிந்தால், அதற்குக் காரணம் வேறு. சாதாரண நிறங்களை எச்.டி.ஆருக்கு மாற்ற விண்டோஸ் கையாளும் கணக்கு, இருண்ட நிறங்களைப் பல மானிட்டர்கள் தாமாகக் காட்டுவதைவிடச் சற்றுத் தூக்கிக் காட்டுகிறது. ஸ்லைடரால் அதைத் தீர்க்க முடியாது. புகைப்படம் திருத்துவது போன்ற வேலைகளின்போது Win + Alt + B அழுத்தி எச்.டி.ஆரை அணைத்துக்கொண்டு, படம் பார்க்கும்போது திரும்பப் போட்டுக்கொள்ளலாம்.