அம்மாவின் அலமாரிக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

"பாட்டி கூறைச் சேலையத்தான் என் நிச்சயதார்த்தத்துக்குக் கட்டிக்கப் போறேன், சின்னம்மா" என்று அக்காள் மகள் சொன்னபோது எங்கள் எல்லாருக்கும் பெருமைதான். திகாம் பத்துவில் அம்மா வீட்டு இரும்பு அலமாரியைத் திறக்கும்வரை அந்தப் பெருமை நீடித்தது.

அரக்கு நிறக் காஞ்சிபுரம் பட்டு. கடையில் கொடுத்த பிளாஸ்டிக் பையிலேயே, நான்காய் மடித்து ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார் அம்மா. விரித்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் சரிகை ஒடிந்து, அதையொட்டிப் பட்டும் கீறல் விட்டிருந்தது. முந்தானையின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு.

அந்தக் கோடு ரப்பர் பேண்ட் இருந்த இடம். அசல் சரிகை என்பது பட்டு நூலின்மேல் மெல்லிய வெள்ளி இழையைச் சுற்றித் தங்கமுலாம் பூசியது. ரப்பரை உறுதியாக்கக் கந்தகம் சேர்ப்பார்கள். கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். மேலே இருக்கும் முலாமோ அதைத் தடுக்கும் அளவுக்குத் தடிப்பானதல்ல. காலமெல்லாம் பால் மரம் சீவிய அம்மாவின் கல்யாணச் சேலையை ரப்பரே கெடுத்துவிட்டது. புளி போட்டுத் தேய்க்கலாமா என்றார் அக்காள். வேண்டாம் என்று தடுத்தேன். கறுப்போடு முலாமும் போய்விடும்.

அன்றே ஒரு நோட்டு வாங்கி, இருந்த 31 சேலைகளையும் எழுத உட்கார்ந்தோம். எண், துணி வகை, எந்த விசேஷத்துக்கு எடுத்தது, எப்படிப் பராமரிப்பது, எந்தத் தட்டில் இருக்கிறது என்று ஐந்து கட்டம். அம்மா கட்டிலில் உட்கார்ந்தபடி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்.

துணி வகையில்தான் குழப்பம். சந்தேகம் வந்த சேலையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை மட்டும் உருவி, குறட்டில் பிடித்து, தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே நெருப்புக் காட்டினோம். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான உருண்டையாகிவிடும். அம்மா 'பட்டு, பட்டு' என்று பொத்திப் பொத்தி வைத்திருந்த ஊதாச் சேலை உருண்டையானது. அவருக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனால், சாதாரணச் சேலை என்று மூலையில் போட்டிருந்த 14ஆம் எண், மயில்கழுத்து நிறம், அசல் பட்டு.

எழுதி முடித்தபோது ஒன்று புரிந்தது. கோயிலுக்கும் தீபாவளிக்கும் அடிக்கடி கட்டிய பட்டுகள் நன்றாகவே இருந்தன. கட்டும்போது காற்றுப் பட்டு, மறுபடி மடிக்கும்போது மடிப்பும் இடம் மாறியிருந்தது. ஆபத்து, கட்டாமல் பூட்டி வைத்தவற்றுக்குத்தான். அதனால் ஆறாவதாக ஒரு கட்டம் போட்டேன்: கடைசியாக மடித்த தேதி. மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து, பழைய மடிப்பு உள்ளே வராதபடி வேறு இடத்தில் மடிக்கிறோம். கனமான சரிகைச் சேலையை ஹேங்கரில் தொங்கவிடுவதில்லை. பாரம் தாங்காமல் மடிப்பிலேயே இற்றுவிடும்.

பிளாஸ்டிக் பைகள் குப்பைக்குப் போயின. நம் ஊர் ஈரக்காற்று பைக்குள் சிக்கினால் பூஞ்சை பிடிக்கத்தான் செய்யும். அப்பாவின் பழைய வேட்டிகளைக் கஞ்சியும் நீலமும் போடாமல் அலசி, நன்றாகக் காயவைத்து, ஒவ்வொரு சேலையையும் அதில் சுற்றினோம். பூச்சி உருண்டையைத் துணியில் முடிந்து தட்டின் ஓரத்தில் வைத்தால் போதும், சரிகையில் படக்கூடாது. அதோடு சூடத்தைச் சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் ஒட்டினால் இளகி நீராகிச் சேலையில் கறையாகும். (எங்கள் 9ஆம் எண்ணைப் பார்த்தால் தெரியும்.)

காற்றாட விடுவதற்குக் கெடாவில் தை மாதம்தான் வசதி. ஜனவரி, பிப்ரவரியில் மழை குறைவு. வெயிலில் அல்ல, வீட்டுக்குள் கயிற்றின்மேல் வெள்ளைத்துணி போட்டு, அதன்மேல் சேலையை விரித்து, மின்விசிறியை ஓடவிட வேண்டும். வெள்ளையாகப் பூத்த பூஞ்சை தெரிந்தால் அந்தச் சேலையை மட்டும் வெளியே கொண்டுபோய், நன்றாக உலரவிட்டு, மென்மையான தூரிகையால் தட்டிவிடலாம். பழுப்புப் புள்ளியாகிவிட்டால் தேய்த்து எடுக்க முயல வேண்டாம், பட்டுதான் கிழியும்.

கூறைச் சேலையை இனிக் கட்ட முடியாது. மடிக்காமல், துணி சுற்றிய அட்டைக் குழாயில் சுருட்டி மேல்தட்டில் வைத்திருக்கிறோம். நோட்டில் அது 1ஆம் எண். அக்காள் மகள் நிச்சயதார்த்தத்துக்கு 14ஐக் கட்டினாள். அது எந்த விசேஷத்துக்கு எடுத்தது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. கேட்டபோது அம்மா சொன்னார்: "நீ பொறந்த வருஷம், தோட்டத்துல போனஸ் குடுத்தாங்க. உங்கப்பா சுங்கைப் பட்டாணிக்கு சைக்கிள்ல போய் வாங்கிட்டு வந்தாரு."

மூன்றாவது கட்டத்தில் அதை அப்படியே எழுதிவைத்தேன்.