பவுலும் யாக்கோபும்: ஒரே வசனம், இரண்டு கேள்விகள்

ரோமர் 3:28-ஐ மொழிபெயர்க்கும்போது மார்ட்டின் லூதர் மூலத்தில் இல்லாத "மாத்திரம்" என்ற சொல்லைச் சேர்த்தார். புதிய ஏற்பாட்டில் "விசுவாசம்", "மாத்திரம்" என்ற இரண்டு சொல்லும் சேர்ந்து வருவது ஒரே இடத்தில்தான்: யாக்கோபு 2:24. அதுவும் அங்கே மறுக்கப்படுகிறது! லூதருக்கு இந்த நிருபம் ஏன் நெருடியது என்று இதிலிருந்தே புரியும்.

அப்படியானால் இரண்டு பேரும் மோதுகிறார்களா? இருவரும் ஆபிரகாமையே உதாரணம் காட்டுகிறார்கள். எடுத்தாளும் வசனமும் ஒன்றுதான், ஆதியாகமம் 15:6. ஆபிரகாம் நம்பினார், அது அவருக்கு நீதியாக எண்ணப்பட்டது. அங்கிருந்து யார் எந்தப் பக்கம் போகிறார் என்று பார்த்தால் விஷயம் தெளிவாகும்.

பவுல் பின்னோக்கிப் பார்க்கிறார். ரோமர் 4-இல் அவர் கேட்பது, இது விருத்தசேதனத்துக்கு முன்பா, பின்பா என்று. கணக்குப் போடலாம். இஸ்மவேல் பிறந்தபோது ஆபிரகாமுக்கு 86 வயது. 15-ஆம் அதிகாரம் அதற்கும் முந்தியது. விருத்தசேதனம் நடந்தது 99-ஆவது வயதில். ஆக, குறைந்தது 13 வருஷ இடைவெளி. புறஜாதியார் விருத்தசேதனம் செய்துதான் உள்ளே வரவேண்டும் என்று சொன்னவர்களுக்கு இதுதான் பவுலின் பதில். ஒருவர் எப்படி உள்ளே வருகிறார் என்பதே அவருடைய கேள்வி.

யாக்கோபு முன்னோக்கிப் போகிறார். ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய 22-ஆம் அதிகாரத்தை எடுத்து, 15:6 அங்கேதான் நிறைவேறியது என்கிறார். அவர் முன்னால் நிற்கிற ஆள் வேறு. உடுத்த துணியும் அன்றைய சாப்பாடும் இல்லாத சகோதரனிடம் "சமாதானமாய்ப் போ" என்று சொல்லிவிட்டு, கையை அசைக்காமல் இருப்பவர். கடவுள் ஒருவரே என்று பிசாசுகளும்தான் நம்புகின்றன, நம்பி நடுங்குகின்றன என்று அவரிடம் யாக்கோபு சொல்கிறார். அதாவது அவர் தாக்கும் "விசுவாசம்" வெறும் ஒப்புதல். பவுல் சொல்லும் விசுவாசம் அதுவல்ல. கலாத்தியர் 5:6-இல் அது அன்பினால் செயல்படுவது.

"கிரியை" என்ற சொல்லும் அப்படித்தான். பவுல் அந்த இடங்களில் பெரும்பாலும் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளைப் பேசுகிறார். யாக்கோபின் உதாரணங்கள் ஈசாக்கும், வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாபும்.

இதோடு எல்லாம் முடிந்ததா? இல்லை. நீதிமானாக்கப்படுவது என்பதற்கு இருவரும் ஒரே கிரேக்க வினைச்சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். யாக்கோபில் அதற்கு "நீதிமான் என்று காட்டப்படுவது" என்றுதான் பொருள் எனச் சிலர் சொல்வதுண்டு. ஆனால் 2:14-இல் யாக்கோபு கேட்பதே, அந்த விசுவாசம் அவனை இரட்சிக்குமா என்றுதான். எனவே அது வெறும் "காட்டுவது" பற்றிய பேச்சு என்று சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

என் வாசிப்பு இது: யாக்கோபு மறுப்பது பவுலை அல்ல, பவுலின் வாக்கியத்தைச் சாக்காக வைத்துக்கொள்ளக்கூடிய ஆளை. ரோமர் 6-இன் தொடக்கத்தில் பவுலே அந்த ஆளுக்குப் பதில் சொல்லியிருக்கிறார். அடுத்த முறை யாக்கோபு 2 வாசிக்கும்போது, பக்கத்திலேயே அதையும் திறந்து வைத்துப் பாருங்கள்.