நிமிடக் கணக்கோடு ஒரு புகார்க் கடிதம்

சின்ன பேக்கரிகளில் மாவு பிசையும் பாத்திரத்தைத் தராசின்மேல் வைத்து, ‘டேர்’ பொத்தானை அழுத்திவிட்டு, அதிலேயே ஒவ்வொரு பொருளாகச் சேர்ப்பது வழக்கம். 5 கிலோ மைதா கொட்டியாகிவிட்டது. மறுபடி டேர். அடுத்து 50 கிராம் உலர் ஈஸ்ட். டப்பாவை எடுத்து, திறந்து, கரண்டியால் போட்டு முடிப்பதற்குள் தராசு தானாகவே 6 கிராம் ஏறிவிட்டது என்று வையுங்கள். திரை 50 என்று காட்டும்போது உள்ளே விழுந்திருப்பது 44 கிராம்தான். மாவு வழக்கமான நேரத்தில் பொங்காது. ஈஸ்ட் பழசோ, தண்ணீர் அதிகக் குளிர்ச்சியோ என்று தேடுவார்களே தவிர, தராசின்மேல் சந்தேகம் வராது. அதுவும் இப்போதுதான் பழுது பார்த்து வந்த தராசு என்றால் கேட்கவே வேண்டாம்.

ஒருவழியாகக் காரணம் தெரிந்ததும் தராசு வாங்கிய கடைக்கு எழுதுவார்கள்: “எடை தவறாகக் காட்டுகிறது, சரிசெய்து தரவும்.” கடையில் தராசை வாங்கி, 5 கிலோ கல்லை வைத்துப் பார்ப்பார்கள். சரியாக 5.000 காட்டும். “தராசில் ஒன்றுமில்லை” என்ற பதிலோடு அது திரும்பி வரும்.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை. குறை அந்த ஐந்து வினாடிச் சோதனையில் சிக்காத குறை. தராசுத் தட்டுக்கு அடியில் லோடு செல் என்ற உலோகக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறும்போது அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைகிறது. அதன்மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய உணரிகளின் மின்தடை அந்த வளைவால் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் தராசு எடையாகக் கணக்கிட்டுக் காட்டுகிறது. பாரம் மேலேயே இருந்தால் உலோகமும், உணரியை ஒட்டியிருக்கும் பசையும் மெதுவாக இன்னும் கொஞ்சம் இளகிக் கொடுக்கும். நல்ல லோடு செல்லில் இந்த நகர்வு திரையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருக்கும். தரம் குறைந்ததையோ, ஒருமுறை அதிக பாரம் தாங்கி அடிபட்டதையோ மாட்டினாலும், மாட்டும் திருகுகளைச் சரியாக இறுக்காமல் விட்டாலும் அது வெளியே தெரிய ஆரம்பிக்கும். வைத்த நொடியில் எடை சரி. பத்து நிமிடம் கழித்துத் தவறு.

இன்னொரு விஷயமும் இதை மறைக்கிறது. பெரும்பாலான எலக்ட்ரானிக் தராசுகள், தட்டு காலியாக இருக்கும்போது ஏற்படும் மெல்லிய நகர்வைத் தாமாகவே அழித்துச் சுழியத்துக்குக் கொண்டுவந்துவிடும். அதனால் காலித் தராசைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் அது அசையாமல் 0 என்றே நிற்கும். நகர்வைப் பிடிக்க வேண்டுமானால் மேலே ஒரு பாரத்தை வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, இந்தக் குறைக்கான புகாரில் எடையோடு நேரமும் இருந்தாக வேண்டும். கடிதம் இப்படி இருக்கலாம்:

“ஐயா, வணக்கம். உங்களிடம் வாங்கிய 10 கிலோ கொள்ளளவு, 2 கிராம் பிரிவு கொண்ட தராசைச் சென்ற மாதம் பழுது பார்த்துத் தந்தீர்கள். ‘லோடு செல் மாற்றப்பட்டது’ என்று பில்லில் இருக்கிறது. பில் நகலும் தராசின் வரிசை எண்ணும் இணைத்துள்ளேன்.

பழுதுக்குப் பிறகு, பாரம் வைத்திருக்கும்போது எடை தானாக ஏறுகிறது. தராசை அரை மணி நேரம் ஓடவிட்டு, சுழியம் பார்த்து, முத்திரையிட்ட 5 கிலோ கல்லை நடுவில் வைத்தேன். வைத்ததும் 5.000. ஐந்தாவது நிமிடம் 5.006. பதினைந்தாவது நிமிடம் 5.010. முப்பதாவது நிமிடம் 5.012. கல்லை எடுத்ததும் 0.010 காட்டி, மெல்ல மெல்லச் சுழியத்துக்கு இறங்கியது. 1 கிலோ கல்லை வைத்தால் அதே அரை மணியில் 2 கிராம்தான் ஏறுகிறது. ஓவன் இல்லாத அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, பேட்டரியில் ஓட்டியும் இதே எண்கள்தான் வந்தன. திரையைக் காணொலியாக எடுத்து வைத்திருக்கிறேன்.

5 கிலோ கல்லை அரை மணி நேரம் மேலேயே வைத்துச் சோதித்து, குறையின் காரணத்தை எழுத்தில் தெரிவிக்கவும். மறுபடி அளவுத் திருத்தம் மட்டும் செய்து அனுப்ப வேண்டாம். பழுதுக்குப் பின் முத்திரையிட்டதற்கான சான்றிதழ் எனக்குக் கிடைக்கவில்லை, அதையும் தரவும். சரிசெய்யும் வரை மாற்றுத் தராசு ஒன்று தேவை.”

இந்தக் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது 1 கிலோ கல் பற்றிய வரி. 5 கிலோவுக்கு 12 கிராம், 1 கிலோவுக்கு 2 கிராம் என்றால் நகர்வு ஏறக்குறைய பாரத்துக்கு ஏற்றபடி கூடுகிறது. இரண்டு கல்லுக்கும் ஒரே அளவு ஏறியிருந்தால், சுழியமே நகர்கிறது என்று பொருள். அப்போது பற்றவைத்த இடத்தில் மிச்சமிருந்த ரசாயனம் ஈரம் இழுக்கிறதா, ஓவன் சூடு மின்சுற்றைத் தாக்குகிறதா என்று வேறு பக்கம் தேட வேண்டியிருக்கும். கல்லை எடுத்ததும் எண் உடனே சுழியத்துக்கு வராமல் மெல்ல இறங்கியதும் லோடு செல்லையும் அதை மாட்டிய விதத்தையுமே காட்டுகிறது. ஆனாலும் உரிமையாளர் “லோடு செல் மட்டம்” என்று தீர்ப்பு எழுதவில்லை. கண்டதை மட்டும் எழுதியிருக்கிறார். அதை மறுக்க வேண்டுமானால் கடைக்காரரும் அரை மணி நேரம் காத்திருந்து பார்க்க வேண்டும்.

அளவுத் திருத்தம் மட்டும் வேண்டாம் என்றதும் மிகச் சரி. திருத்தம் என்பது அந்த நொடியில் காட்டும் எண்ணை 5.000 ஆக்குவது. அதற்குப் பிறகும் தராசு பழையபடியே நகரும்.

12 கிராம் பெரிய தவறா? இந்த வகைத் தராசில் 5 கிலோவுக்கு, முத்திரையிடும்போது 3 கிராம் வரையும் பயன்பாட்டில் அதைப்போல் இரு மடங்கும் பிழை இருக்கலாம். 12 கிராம் இரண்டையும் தாண்டிவிட்டது. நகர்வை மட்டும் பார்க்க முத்திரைக் கல்கூடத் தேவையில்லை. பிரிக்காத ஒரு சர்க்கரை மூட்டை போதும், ஏனென்றால் அதன் எடை அரை மணியில் மாறாது. ஆனால் பிழை எவ்வளவு என்று சொல்ல முத்திரைக் கல் வேண்டும்.

சான்றிதழ் கேட்டதற்கு வலுவான காரணம் இருக்கிறது. 2009-ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, தராசைப் பழுது பார்ப்பவரே உரிமம் பெற்றிருக்க வேண்டும். வணிகத்தில் பயன்படும் எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வேண்டும். பழுது பார்த்தால் ஆண்டு முடியாவிட்டாலும் மறுபடி சரிபார்த்து முத்திரையிட்ட பிறகே பயன்படுத்தலாம். தராசைத் திறந்தாலே பழைய சீல் உடைந்துவிடும். தமிழ்நாட்டில் இந்த வேலையைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வர்கள் செய்கிறார்கள். முத்திரையில்லாத தராசோடு பிடிபட்டால் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் பேக்கரிக்காரர்தான்.

கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்பி, நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் முத்திரை ஆய்வரிடம் போகலாம். சொந்த உழைப்பில் பிழைப்புக்காகக் கடை நடத்துபவரை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதுவரை அந்தத் தராசில் விற்பனைக்கு எடை போடாதீர்கள்.